ஒன்றும் விடுபடாத கட்டுரை

திங்கட்கிழமை காலையில் கிராஃப் தன் நாற்காலியைச் சக்கரத்தோடு உருட்டிக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றாள் என்றால் நல்ல செய்தி இல்லை என்று டீச்சருக்குத் தெரியும். நல்ல செய்தியாக இருந்தால் இருந்த இடத்திலிருந்தே கத்தியிருப்பாள்.

"டீச்சர், நம்ம நாத்தம் போயிடுச்சு."

"எங்க போச்சு?"

"ரெண்டாவது பக்கத்துக்கு."

டீச்சர் கைப்பையைக்கூடத் தோளிலிருந்து இறக்கவில்லை. அப்படியே உட்கார்ந்தாள்.

நாற்றம் என்றால் ஒரு கட்டுரை. வாஷிங் மெஷினில் நாற்றம் வந்தால் என்ன செய்வது என்று சில வருடங்களுக்கு முன் அவள் எழுதியது. அவர்கள் வேலை பார்க்கும் கம்பெனி வாஷிங் மெஷின்களுக்கு உதிரி பாகம் விற்கிறது, கூப்பிட்டால் வீட்டுக்கு மெக்கானிக் அனுப்புகிறது. துணி நாறுகிறதே என்று கூகுளில் தேடுகிற ஆட்கள் முதலில் இந்தக் கட்டுரைக்கு வருவார்கள். படித்துச் சரியாகாதவர்கள் மெக்கானிக்கைக் கூப்பிடுவார்கள். தேடலில் முதல் பக்கத்தில் நிற்கும் வரைதான் இந்தப் பிழைப்பு. இரண்டாவது பக்கத்தை யார் புரட்டுகிறார்கள்? கல்யாண வீட்டில் கடைசிப் பந்திக்கு வந்தவனை விசாரிக்கிற மாதிரிதான்.

டீச்சர் எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடம் எடுத்தவள் இல்லை. அந்தக் கம்பெனியில் பில் அடிக்கத்தான் சேர்ந்தாள். வெப்சைட்டுக்கு யாராவது எழுத வேண்டும் என்று வந்தபோது மற்றவர்கள் எல்லாரும் ஜன்னலைப் பார்த்தார்கள், இவள் மட்டும் முதலாளியைப் பார்த்துவிட்டாள். அன்றிலிருந்து எழுத்து இவள் தலையில். மூக்குக் கண்ணாடியைச் சங்கிலியில் கோத்து மாட்டியிருப்பாள். யார் என்ன தகவல் கொண்டுவந்தாலும், "இதை எங்க இருந்து எடுத்தே?" என்று கேட்பாள். அதனால் டீச்சர். பேர் வைத்ததே கிராஃப்தான். கிராஃபுக்குப் பேர் வைத்தது டீச்சர். வெப்சைட்டின் ஏற்ற இறக்கத்தை அளக்கும் வேலை அவளுடையது. ஏறி இறங்கும் கோட்டைக் காட்டாமல் அவளால் டீ குடிக்கப் போகலாமா என்றுகூடக் கேட்க முடியாது.

மத்தியானம் மேனேஜர் கூப்பிட்டார். டீச்சரைவிட வயதில் சின்னவர். கெட்ட செய்தி சொல்லும்போது மட்டும் "அக்கா" என்பார்.

"அக்கா, உட்காருங்க."

"நின்னுக்கிட்டே கேக்கறேன், சொல்லுங்க."

"முதலாளி வெளியில ஒரு கம்பெனிகிட்ட பேசியிருக்கார். எத்தனை கட்டுரை கேட்டாலும் மறுநாளே கொடுத்துடறாங்களாம். இதே நாத்தத்தை அவங்களையும் ஒண்ணு எழுதித் தரச் சொல்லியிருக்கார். நீங்களும் உங்களோடதைப் புதுப்பிச்சு வியாழக்கிழமை சாயங்காலத்துக்குள்ள கொடுங்க. வெள்ளிக்கிழமை ரெண்டையும் வெச்சுப் பார்ப்பார். எது முழுசா இருக்கோ அது வெப்சைட்ல போகும்."

"அவங்களோடது போச்சுன்னா?"

மேனேஜர் மேஜை மேல் இருந்த ஸ்டேப்ளரைத் திறந்து மூடினார். "எழுத்து வேலை மொத்தமா அவங்ககிட்டப் போயிடும்க்கா. உங்களுக்குத் திரும்ப பில் பக்கம் ஏதாவது பார்க்கலாம்."

டீச்சர் சரி என்றாள். வேறு என்ன சொல்வது? வந்து உட்கார்ந்ததும்தான் கால் வலிப்பது தெரிந்தது. பில் பக்கம் போவதில் அவமானம் ஒன்றும் இல்லை. ஆனால் இந்த வயதில் மறுபடி அந்த ஜன்னலில்லாத அறை, மறுபடி அந்தப் பிரிண்டரின் முனகல்.

அவளைவிடக் கிராஃபுக்குத்தான் அவசரம். சாயங்காலத்துக்குள் எக்செலில் ஒரு அட்டவணை போட்டுவிட்டாள். தேடலில் முன்னால் நிற்கும் பக்கங்களின் துணைத்தலைப்புகளை எல்லாம் வரிசையாக ஒரு பக்கம் இறக்கி, யார் யார் எதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள் என்று ஆளுக்கொரு கட்டத்தில் டிக் அடித்திருந்தாள். கடைசிக் கட்டம் இவர்களுடையது. அதில் டிக்கைவிட வெறுமைதான் அதிகம்.

"பாருங்க டீச்சர், நம்ம கட்டுரையில ஒண்ணுமே இல்ல. சட்டி காலி."

"தலைப்பை மட்டும் பார்த்தியா, உள்ளே படிச்சியா?"

"தலைப்புதானே டீச்சர் முக்கியம்?"

"பந்தல் அலங்காரத்தைப் பார்த்துட்டு சாப்பாடு நல்லாருந்துச்சுன்னு சொல்ற ஆளு நீ."

செவ்வாயும் புதனும் அந்த அட்டவணையிலேயே போயிற்று. முதல் வேலையாக டீச்சர் இரண்டு பக்கங்களை நீக்கினாள். ஒன்று சோப்புத் தூள் விற்கும் கடையின் பக்கம். தூள் வாங்க வருகிறவனுக்கானது, நாற்றத்தோடு நிற்கிறவனுக்கு அல்ல. இன்னொன்று எந்த மெஷின் வாங்கலாம் என்று பேசுவது. தேடுகிறவனின் கேள்வி வேறாக இருந்தால் அவர்களோடு நமக்கு என்ன போட்டி? மிச்சம் ஐந்து நின்றன.

அந்த ஐந்தையும் வரிவரியாகப் படித்தாள். தன்னுடையதையும் யாரோ எழுதியது போலப் படித்தாள். படித்தபோது கிராஃபின் காலிக் கட்டங்களில் பாதி தானாக நிரம்பின. கதவு ரப்பரின் மடிப்பில் அழுக்கு தேங்குவதைப் பற்றித் தலைப்பு இல்லையே தவிர, இரண்டாவது பத்தியிலேயே சொல்லியிருந்தாள். சோப்புத் தூளை அள்ளிக் கொட்டினால் அது கரையாமல் தங்கிப் பாசி பிடிக்கும் என்பதும் இருந்தது. அவற்றுக்குத் தேவை புது எழுத்து அல்ல. தேடுகிறவன் கண்ணில் படும்படி ஒரு தலைப்பு, அவ்வளவுதான்.

வேறு சில கட்டங்களைக் காலியாகவே விட்டாள். ஐந்தில் மூன்று பேர் வாஷிங் மெஷினின் வரலாறு எழுதியிருந்தார்கள்.

"மூணு பேர் போட்டிருக்காங்களே டீச்சர், நாம விடலாமா?"

"நாறுற துணியைக் கையில வெச்சிக்கிட்டு நிக்கிறவளுக்கு வரலாறு எதுக்குடி? ஒருத்தன் போட்டான், அவனைப் பார்த்து மத்த ரெண்டு பேரும் போட்டிருக்காங்க."

அப்படிக் கழித்ததுபோக உண்மையிலேயே விடுபட்டவை என்று ஐந்து நின்றன. மெஷினின் அடியில் இருக்கும் ஃபில்டரைச் சுத்தம் செய்வது. தண்ணீர் வெளியே போகும் பைப் தாழ்வாகக் கிடந்தால் சாக்கடை வாடை திரும்பி வருவது. மாதம் ஒருமுறை துணி போடாமல் வெந்நீரில் ஓடவிடுவது. வினிகர் ஊற்றிக் கழுவுவது. பிளீச் ஊற்றிக் கழுவுவது.

எழுதுவதற்கு அவளுக்கு ஒரு முறை உண்டு. விடுபட்டது என்ன என்பதைத் தன் வார்த்தையில் ஒரே வரியாகக் குறித்துக்கொள்வாள். பிறகு அடுத்தவர் பக்கங்களை எல்லாம் மூடிவிடுவாள். எழுதி முடிக்கும் வரை திறக்க மாட்டாள். "பக்கத்து வீட்டுல என்ன வேகுதுன்னு வாசம் பிடிக்கலாம், சட்டியைத் தூக்கிட்டு வரக் கூடாது" என்பாள் கிராஃபிடம். தலைப்பு அவர்களைப் பார்த்துத் தெரிந்துகொண்டது. விஷயம் மட்டும் நாமே போய் எடுத்தது. ஃபில்டர் பற்றிக் கம்பெனி மெக்கானிக்குக்குப் போன் போட்டுக் கேட்டாள். முதலில் பிளக்கைப் பிடுங்க வேண்டும், வெந்நீரில் ஓடியிருந்தால் ஆறவிட வேண்டும், மூடியைத் திருகினால் உள்ளே தேங்கிய தண்ணீர் கொட்டும், அதற்கு முன்னமே தாழ்வான தட்டு வைத்துவிட வேண்டும் என்று அவர் சொன்னார். கடைசியில், "தட்டு வைக்காம திறந்துட்டு என்னைக் கூப்பிடறவங்கதான் ஜாஸ்தி, அதையும் எழுதுங்க" என்றார். எழுதினாள். அது ஐந்து பேரிடமும் இல்லாத வரி.

இன்னொரு முறையும் அவளுக்கு இருந்தது. தானே செய்து பார்க்காத எதையும் வெளியே அனுப்ப மாட்டாள். வீட்டு மெஷின்தான் சோதனைக்கூடம். புதன்கிழமை வீட்டுக்குப் போகும்போது ஒரு பாட்டில் வினிகரும் ஒரு பாட்டில் பிளீச்சும் வாங்கிக்கொண்டு போனாள். ஆனால் கணவருக்கு அன்று இரவு வேலை. அவர் லிஃப்ட் மெக்கானிக், எந்த ஊர்க் கட்டடத்தில் யார் மாட்டிக்கொண்டாலும் கூப்பிடுவார்கள். சாப்பாடு கட்டிக் கொடுத்து, பாத்திரம் கழுவி நிமிர்ந்தபோது அவளுக்குத் தன் கை தன் கையாகவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை செய்து பார்த்துக்கொள்ளலாம், கட்டுரை எப்படியும் அதற்கு மேல்தானே வெளியே போகும் என்று பாட்டில்களைக் குளியலறை அலமாரியில் வைத்துவிட்டுப் படுத்தாள்.

வியாழக்கிழமை நாலு மணிக்கு எழுதி முடித்தாள். எட்டுப் படிகள், ஒன்றன்பின் ஒன்றாக. தலைப்பு இருந்தது, படம் இருந்தது, எப்போது மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும் என்பதும் இருந்தது. கிராஃப் அட்டவணையை ஒருமுறை ஓட்டிப் பார்த்து, "ஒண்ணும் விடுபடல டீச்சர், எல்லாக் கட்டமும் டிக்" என்றாள். டீச்சர் அனுப்பிவிட்டாள். ஒரு பிரதியை அச்செடுத்து மடித்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

அந்தப் பிரதி நாத்தனாருக்கு. கணவரின் அக்கா, பஸ் டிக்கெட் கவுன்டரில் ஆயுசில் பாதியைக் கழித்து ஓய்வு பெற்று, இப்போது இவர்களோடு இருக்கிறாள். கவுன்டருக்கு வெளியே எத்தனை விதமான மனிதர்களைப் பார்த்தாளோ, ஒருவரையும் நம்ப மாட்டாள். ஆனால் அச்சில் இருப்பதை நம்புவாள். எந்தக் கட்டுரையையும் முதலில் படிப்பது அவள்தான். அவளுக்குப் புரிந்தால் ஊருக்குப் புரியும் என்பது டீச்சரின் கணக்கு.

"என்னம்மா, முகம் துணி பிழிஞ்ச மாதிரி இருக்கு?"

"பிழிஞ்சுதான் அனுப்பினாங்க அண்ணி. இதைக் கொஞ்சம் படிச்சுப் பாருங்க. நான் ரெண்டு நிமிஷம் படுக்கறேன்."

"படு படு. சாப்பாட்டை நான் பார்த்துக்கறேன். உன் மெஷினும் நாறத்தான் செய்யுது, ஊருக்கு உபதேசம் பண்றே."

டீச்சர் கண்ணை மூடினாள். ஓடும் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. பிறகு நாத்தனாரின் இருமல். முதலில் சாதாரண இருமல் என்றுதான் நினைத்தாள். இரண்டாவது இருமல் முடியாமல் மூன்றாவது வந்தது. மூன்றாவதோடு ஒரு வாடையும் வந்தது. நீச்சல் குளத்து வாடை, ஆனால் அதைவிட நூறு மடங்கு காரமாக.

எழுந்து ஓடினாள். குளியலறையில் நாத்தனார் ஒரு கையில் காகிதமும் மறு கையில் பிளீச் பாட்டிலுமாகக் கண்ணைத் திறக்க முடியாமல் நின்றுகொண்டிருந்தாள். சோப்புத் தூள் போடும் தட்டு திறந்திருந்தது. டீச்சர் தன் மூச்சை அடக்கிக்கொண்டு அவள் தோளைப் பிடித்து வெளியே இழுத்தாள். கதவைச் சாத்தினாள். வீட்டு ஜன்னல் எல்லாவற்றையும் திறந்து, அவளைப் பால்கனியில் கொண்டுபோய் உட்கார்த்தி, கண்ணிலும் முகத்திலும் தண்ணீர் விட்டுக் கழுவினாள்.

"மூச்சு வருதா அண்ணி? டாக்டர்கிட்டப் போகலாமா?"

"இரு... இரு." கொஞ்ச நேரம் காற்று வாங்கினாள். கண் சிவந்து நீர் வடிந்தது. "வருது. ஒண்ணும் ஆகல. ஒரே ஒரு மூச்சுத்தான் உள்ளே போச்சு."

"எதுக்கு அண்ணி ரெண்டையும் ஊத்தினீங்க?"

நாத்தனார் அவளைப் பார்த்தாள். கோபம்கூட இல்லை, கவுன்டரில் கிழிந்த நோட்டை நீட்டியவனைப் பார்க்கிற பார்வை.

"நீ எழுதினதைத்தான்டி பண்ணினேன். அஞ்சாவது படி வினிகர், ஆறாவது படி பிளீச். ஏழாவதுக்கு ஆம்புலன்ஸ்னு போட்டிருக்கணும்."

டீச்சர் நனைந்த காகிதத்தை வாங்கிப் பார்த்தாள். அப்படித்தான் எழுதியிருந்தது, அவளே எழுதியது, தெளிவாக, அழகான தமிழில். வினிகரும் பிளீச்சும் கலந்தால் விஷ வாயு வரும் என்பது அவளுக்குத் தெரியாத விஷயமா? கேட்டிருந்தால் தூக்கத்தில்கூடச் சொல்லியிருப்பாள். ஆனால் அட்டவணையில் அவை இரண்டும் அடுத்தடுத்த வரிசையில் இருந்தன, இரண்டும் காலி, இரண்டையும் நிரப்பினாள்.

டாக்டரிடம் போகும் பேச்சை நாத்தனார் கடைசி வரை ஒத்துக்கொள்ளவில்லை. இருமல் மறுபடி வந்தால் உடனே போவது என்ற பேரத்தில் அது முடிந்தது. வரவில்லை. வாடை முழுக்க அடங்கும் வரை குளியலறைப் பக்கம் யாரும் போகவில்லை. அதற்குள் டீச்சர் மேஜையில் உட்கார்ந்து, மூடி வைத்த ஐந்து பக்கங்களையும் மறுபடி திறந்தாள். மூன்று பேர் வினிகர் சொல்லியிருந்தார்கள். இரண்டு பேர் பிளீச். இரண்டையும் சொன்னவர் ஒருவரும் இல்லை. தனித்தனியாக ஐந்து பேரும் சரி. ஒருவனைப் பார்த்து அப்படியே காப்பி அடித்திருந்தால்கூட இந்தத் தப்பு வந்திருக்காது. ஐந்து பேரிடமும் இருப்பதைக் கூட்டிச் சேர்த்ததில் ஐவரிடமும் இல்லாத விஷம் பிறந்திருந்தது.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. கலக்காதே என்று ஒருவரும் எழுதவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் மேனேஜர் சிரித்த முகமாக வந்தார். "மேடம்" என்றார், அப்படியென்றால் நல்ல செய்தி. "முதலாளி நேத்தே படிச்சுட்டார். முழுசா இருக்குன்னு சொல்லிட்டார். அவங்களோடது பத்தலையாம், அதுல ஃபில்டர் மேட்டரே இல்ல. உங்களோடதை இன்னைக்கே ஏத்திடலாம்."

கிராஃப் மேஜைக்குக் கீழே காலால் டீச்சரின் காலைத் தட்டினாள், ஜெயித்துவிட்டோம் என்று.

டீச்சருக்குச் சும்மா இருந்துவிடலாம் போல இருந்தது. பொய் சொல்ல அல்ல. ஏற்றட்டும், பிறகு யாருக்கும் தெரியாமல் உள்ளே போய் இரண்டு வரியை மாற்றிவிடலாம். எவ்வளவு சுலபம். ஆனால் ஏற்றுவதற்கும் மாற்றுவதற்கும் நடுவில் ஒருத்தி படித்துவிட்டால்? அவள் வீட்டுக் குளியலறைக்கு ஜன்னல் இருக்குமா, வெளியே இழுக்க ஆள் இருக்குமா?

"ஏத்தாதீங்க. அதுல தப்பு இருக்கு."

"என்ன தப்பு? எழுத்துப் பிழையா?"

"அதைப் பண்ணினா மூச்சு முட்டும். நேத்து எங்க வீட்டுல முட்டிச்சு."

சொல்லி முடித்தபோது மேனேஜரின் முகம் 'அக்கா' முகமாக மாறிவிட்டிருந்தது. "இதை நான் முதலாளிகிட்ட எப்படிச் சொல்றது? முழுசா இருக்குன்னு இப்பத்தானே சொன்னார்."

"முழுசா இருந்ததுதான் தப்புன்னு சொல்லுங்க."

கிராஃப் அதற்குள் வெளிக் கம்பெனியின் கட்டுரையைத் திறந்திருந்தாள். கடைசி வரி வரை படித்தாள். பிறகு திரையை அவர்கள் பக்கம் திருப்பினாள். கோடும் இல்லை, படமும் இல்லை, வெறும் எழுத்து. அதிலும் வினிகர் இருந்தது. இரண்டு படி தள்ளிப் பிளீச்சும் இருந்தது.

"அவங்களும் நம்மள மாதிரியே அட்டவணை போட்டிருக்காங்க டீச்சர்" என்றாள்.

யாரும் சிரிக்கவில்லை. மேனேஜர் எழுந்து முதலாளியின் அறைக்குப் போனார். கதவு சாத்தியிருந்தது, என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை. டீச்சர் காத்திருக்கவில்லை, திருத்த ஆரம்பித்தாள். ஐந்தையும் ஆறையும் படிகளிலிருந்தே எடுத்தாள். தனியாக ஒரு பகுதி போட்டு, இரண்டில் ஒன்று மட்டும்தான், அதுவும் மெஷினோடு வந்த கையேடு எதை அனுமதிக்கிறதோ அது என்று எழுதினாள். வினிகரை அடிக்கடி ஊற்றினால் ரப்பர் கெடலாம் என்று எழுதினாள். இரண்டையும் ஒருபோதும் கலக்கக் கூடாது, ஒன்றுக்குப் பின் ஒன்றாகவும் ஊற்றக் கூடாது என்பதைத் தடித்த எழுத்தில் போட்டாள். அட்டவணையில் புதிதாக ஒரு வரிசை சேர்த்தாள். ஐந்து பேரின் கட்டமும் காலி. கடைசிக் கட்டத்தில் மட்டும் ஒரு டிக்.

மேனேஜர் திரும்பி வந்தபோது "அக்கா" என்றும் கூப்பிடவில்லை, "மேடம்" என்றும் கூப்பிடவில்லை.

"உங்களோடதுதான் போகுது. திருத்தினப்புறம்."

"சரி."

"ஆனா அவங்களையும் வெச்சுக்கறதுன்னு முடிவாயிடுச்சு. வாரத்துக்கு நிறைய கட்டுரை வரும். ஒவ்வொண்ணையும் ஏத்தறதுக்கு முன்னாடி நீங்க படிச்சுப் பார்க்கணும். செஞ்சு பார்க்க வேண்டியதைச் செஞ்சும் பார்க்கணும். உங்க எழுத்து வேலை அது பாட்டுக்கு இருக்கும்."

அவர் போனதும் கிராஃப், "வேலை போகல டீச்சர்!" என்றாள்.

"எங்க போகும்? இன்னொண்ணைக் கூட்டிக்கிட்டு வந்திருக்கு."

கட்டுரை சாயங்காலம் ஏறியது. அது மறுபடி முதல் பக்கத்துக்கு வருமா, எப்போது வரும் என்பதெல்லாம் சில வாரம் கழித்துத்தான் தெரியும். அதைச் சொல்லக் கிராஃப் நாற்காலியை உருட்டிக்கொண்டு வருவாளா, இருந்த இடத்திலிருந்து கத்துவாளா என்பதும்.

வீட்டில் நாத்தனார் துணி துவைத்து முடித்திருந்தாள். வெந்நீரில் மெஷினை வெறுமனே ஓடவிட்டு, தட்டு வைத்து ஃபில்டரைக் கழற்றிக் கழுவியிருந்தாள். உள்ளிருந்து வந்த ஒரு காது கம்மலையும் ஒற்றைச் சாக்ஸையும் சாட்சிக்கு எடுத்து வைத்திருந்தாள். இரண்டு பாட்டில்களில் ஒன்று குளியலறையிலும் மற்றது சமையலறையிலும், இடையில் ஒரு வீடே இருக்கும்படி பிரிந்து நின்றன.

"என்னாச்சு, பில்லு போடப் போறியா?"

"இல்ல அண்ணி. இனிமே மத்தவங்க எழுதறதையும் நானே படிச்சு, பண்ணியும் பார்க்கணுமாம்."

"யாரு, நீயா?" நாத்தனார் இருமினாள், இந்த முறை சிரிப்பு இருமல். "பண்ணிப் பார்க்கறது நானு. என் பேரையும் போடச் சொல்லு."

டீச்சர் முகம் கழுவப் போனாள். போகிற வழியில் பழக்கத்தில் மெஷின் கதவைத் தள்ளி மூடக் கை நீட்டினாள்.

"மூடாதே" என்று கூடத்திலிருந்து குரல் வந்தது. "காத்தாடணும்னு எழுதியிருக்கே. அது ஒண்ணாவது சரியா எழுதியிருக்கே."

டீச்சர் கையை எடுத்துக்கொண்டாள். கதவு பாதி திறந்தபடி இருந்தது. உள்ளே இருந்து எந்த வாடையும் வரவில்லை.